பயமா இருக்கா? சொல்லிவிட்டே வாருங்கள்
(ரத்த தான முகாமுக்கான விழிப்புணர்வு வீடியோ: முழு உரை)

[காட்சி: சின்னக் கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர். மேலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. ஒரு கணம் தயங்கிவிட்டு, உருண்டையாகவே அடிவரை இறங்குகிறது.]

மூழ்கிவிட்டது. அப்படியென்றால் இவர் ரத்தம் கொடுக்கலாம்.

இது மயில்துத்தம் கரைத்த தண்ணீர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், சட்டென்று மூழ்கும். குறைவாக இருந்தால் மிதக்கும், இல்லையென்றால் நடுவிலேயே தடுமாறும். சில முகாம்களில் இதற்குச் சின்னக் கருவி வைத்திருப்பார்கள். எனக்கு இந்தப் பழைய முறைதான் பிடிக்கும். கொடுக்க வந்தவரும் குனிந்து அதைப் பார்ப்பார். பாதிப் பயம் அங்கேயே கரைந்துபோகும்.

[காட்சி: பேசுபவர் கேமரா முன் வருகிறார். வெள்ளைக் கோட்டு, கையுறை.]

வணக்கம். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். ஊசி குத்துவதுதான் என் வேலை. பதினாலு வருஷமாக இதையே செய்கிறேன். இருந்தாலும் எனக்கு ஊசி போட்டால் தலையைத் திருப்பிக்கொள்வேன். அதனால் 'பயப்படாதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். எதற்குப் பயம் என்பதை மட்டும் பேசுவோம்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

[காட்சி: ஒரு கல்லூரி மாணவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.]

"சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?"

வலிக்கும் தம்பி, ஆனால் கொஞ்ச நேரம்தான். ஊசி உள்ளே போகும்போது நறுக்கென்று ஒரு கிள்ளு. இரண்டு மூன்று விநாடி. இந்த ஊசி சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன், அதை மறைக்க மாட்டேன். அணுக்கள் நசுங்காமல் வெளியே வர அந்தத் தடிமன் தேவை. அப்புறம் எட்டிலிருந்து பத்து நிமிடம் படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வலி இருக்காது, கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற உணர்வு இருக்கும். ஊசி குத்திய பிறகும் வலி தொடர்ந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். உடனே சரிசெய்வோம், இல்லையென்றால் எடுத்துவிடுவோம்.

ஊசியைப் பார்க்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். பதினாலு வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. யார் யாரோ கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயதானதும் தானும் கொடுக்க ஆரம்பித்து, 81 வயதுவரை, பெரும்பாலும் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதியாக மட்டும், 1,100 தடவைக்கு மேல் கொடுத்தார். அவருடைய ரத்தத்தில் இருந்த ஒரு அபூர்வமான எதிர்ப்புப் பொருளை வைத்து, பிறக்கப்போகும் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காக்கும் மருந்து தயாரித்தார்கள். அவருக்கும் ஊசி என்றால் ஆகாது. அத்தனை தடவையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் படுத்திருந்தாராம்.

[காட்சி: நடுத்தர வயதுக்காரர் ஒருவர், தன் புஜத்தைத் தடவிப் பார்க்கிறார்.]

"உடம்பு தளர்ந்துபோயிடாதா? நான் தினமும் உழைச்சுச் சாப்பிடுறவன்."

சார், நியாயமான கவலைதான். கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நாங்கள் எடுப்பது 350 மில்லி. நல்ல எடை உள்ளவர் என்றால் 450. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் அந்தப் பிளாஸ்மா ஓரிரண்டு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் ஈடாக சில வாரம் ஆகும்.

இன்னொரு விஷயம். நீங்கள் கொடுக்காவிட்டாலும் அந்தச் சிவப்பணுக்கள் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள். பழையது அழிய அழிய, எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இறைத்த கிணறு ஊறும் என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

ஊறுவதில் மெதுவானது இரும்புச்சத்து மட்டும்தான். அதனால்தான் இடைவெளி கேட்கிறோம். எங்கள் முகாமில் ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம். "போன மாசம்தான் கொடுத்தேன், பரவாயில்லை எடுத்துக்கோங்க" என்று யாராவது வந்தால், கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம். அன்று ஒருநாள் மட்டும் பளு தூக்காதீர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்யாதீர்கள், கடுமையாக உடற்பயிற்சி செய்யாதீர்கள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம்.

ரத்தம் கொடுத்தால் உடம்பு பெருத்துவிடும் என்றும் சொல்கிறார்கள், இளைத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை.

[காட்சி: மூடி ஒட்டிய உறை பிரிக்கப்படுகிறது. பை, நீளமான குழாய், அதன் முனையில் மூடி போட்ட ஊசி. எல்லாம் ஒரே துண்டு.]

அடுத்தது, ஊசியால் ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்கிற பயம். இதை நன்றாகப் பாருங்கள். ஊசி, குழாய், பை மூன்றும் தொழிற்சாலையிலேயே சேர்த்து, கிருமி நீக்கி, மூடி வருபவை. ஊசியை மட்டும் கழற்றி இன்னொருவருக்குப் போட வழியே கிடையாது. வேலை முடிந்ததும் குழாயைச் சூட்டில் ஒட்டி வெட்டுவோம், ஊசி குப்பைப் பெட்டிக்குள் விழும். "என் கண் முன்னாடி பிரிங்க" என்று தாராளமாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

[காட்சி: படுக்கையில் ஒரு பெண், கையில் மென்மையான பந்து. பக்கத்தில் அவள் தோழி.]

"எனக்கு மயக்கம் வந்துட்டா?"

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன். அதிகம் பேர் வராமல் போவது இதனால்தான்.

சிலருக்கு வரும். முதல் தடவை கொடுப்பவர்கள், வயது குறைந்தவர்கள், எடை குறைவானவர்கள், காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ரத்தம் போனது மட்டும் காரணமில்லை. பதற்றத்தில் நாடித்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். சிலருக்கு ஊசி குத்துவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது! படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைத்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "சாரி சிஸ்டர்" என்பார்கள். எதற்குச் சாரி?

வராமல் தடுக்க வழி இருக்கிறது. முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொடுப்பதற்கு அரை மணி நேரத்துக்குள் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். படுத்திருக்கும்போது கால்களைக் குறுக்காகப் போட்டு, தொடையை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குங்கள். ரத்தம் காலில் தேங்காமல் மேலே வரும். ஒருவர் கொட்டாவி விட ஆரம்பித்தாலோ, நெற்றியில் வேர்த்தாலோ, முகம் வெளுத்தாலோ, அவர் சொல்வதற்கு முன்னாலேயே நாங்கள் பக்கத்தில் வந்து நிற்போம். கொட்டாவி தூக்கத்துக்கு மட்டும் வருவதில்லை என்பது இந்த வேலையில் கற்றுக்கொண்டது.

கொடுத்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வோம். ஜூஸும் பிஸ்கட்டும் உபசாரத்துக்கு இல்லை, உங்களை அந்த நாற்காலியில் பிடித்துவைக்கத்தான். தெரிந்துவிட்டது என்று எழுந்து ஓடிவிடாதீர்கள்.

கையில் நீலமாகக் கன்றிப்போவதும் உண்டு. பார்க்கத்தான் பயமாக இருக்கும். பச்சையாகி, மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ எங்களைக் கூப்பிடுங்கள்.

[காட்சி: தடுப்புத் திரைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். மேசையில் படிவம்.]

வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு. படிவத்தில் என்னென்னவோ கேட்கிறார்களே, யாராவது பார்த்துவிட்டால்? பரிசோதனையில் ஏதாவது தெரிந்துவிட்டால்?

அந்தக் கேள்விகளைத் தனியாக உட்காரவைத்துத்தான் கேட்போம். பதில் எங்களைத் தாண்டிப் போகாது. எடுத்த ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்ப்போம். ஏதாவது தென்பட்டால் உங்களை மட்டும் தனியாக அழைத்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ஒரே ஒரு வேண்டுகோள். தனக்குத் தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மட்டும் முகாமுக்கு வராதீர்கள். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சில நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாமல் போகலாம். அந்த ரத்தம் ஒரு நோயாளிக்குப் போய்விடும். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் கொடுக்கலாமா? உடம்பு நன்றாக இருந்து, அந்தச் சொட்டும் மூழ்கினால் கொடுக்கலாம். அசதியாக இருந்தால் அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இப்போது வேண்டாம். சமீபத்தில் பச்சை குத்தியவர்கள் சில மாதம் பொறுக்க வேண்டும். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டுங்கள். கட்டுக்குள் இருந்தால் பலர் கொடுக்க முடியும். வயது 18க்கு மேல், 65க்குள். எடை குறைந்தது 50 கிலோ.

சொட்டு மிதந்துவிட்டால் மனம் ஒடிந்துபோகாதீர்கள். வாசலில் முகம் தொங்கிப்போய் நிற்பவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபின் குறைந்திருப்பது இலவசமாகத் தெரியவந்ததே, அதுவே லாபம். டாக்டரைப் பாருங்கள், உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள்.

[காட்சி: ரத்த வங்கி. ஒரு பெட்டிக்குள் மஞ்சள் நிறப் பைகள் இடமும் வலமுமாக மெதுவாக ஆடிக்கொண்டிருக்கின்றன.]

இதைக் காட்டாமல் முடிக்க மனசில்லை. நீங்கள் கொடுத்த ஒரு பை, மூன்றாகப் பிரியும். சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வைக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம். இங்கே தொட்டிலில் ஆடுகிறதே, இதுதான் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஆயுள் பொதுவாக 5 நாள்தான். எங்காவது பெரிய விபத்து என்றால் வாசலில் வரிசை நிற்கிறது. ஆனால் அன்றைக்கு ஏற்றுவது, முன்பே ஒருவர் சாதாரணமான ஒரு நாளில் கொடுத்து, பரிசோதித்து, அலமாரியில் தயாராக இருக்கும் ரத்தத்தைத்தான்.

[காட்சி: முதலில் பார்த்த மாணவர், முழங்கையில் பஞ்சு ஒட்டியிருக்க, ஜூஸ் குடிக்கிறார்.]

வரும் ஞாயிறு, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை, நூலகத்துக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் இருப்போம். முழங்கைக்கு மேல் ஏற்றிவிட முடிகிற சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை ஒன்று எடுத்துவாருங்கள். பதிவு மேசையில் உட்கார்ந்ததும் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். ஓரமாக இருக்கும் படுக்கையைக் கொடுப்போம், பேச்சுக்கொடுக்க ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்போம். படிவம் நிரப்பிய பிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, படுக்கையில் படுத்த பிறகு தோன்றினாலும் சரி, எழுந்து போகலாம். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டோம்.

ஜூஸ் அப்போதும் உண்டு.