எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு: அரையாண்டு உடற்கல்விக் குறிப்புகள்

கார்த்திக்
இந்த வகுப்பில் நல்ல ரெய்டர் நீதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் ஆறேழு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, பின்காலைத் தூக்கிவிட்டுத் திரும்பினாலே ஒரு பாயிண்ட் கையில் இருக்கிறது, நீயோ ஆளைத் தொட்டே தீருவேன் என்று கார்னர் வரை போய் மாட்டிக்கொள்கிறாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறுவட்டப் போட்டியில் தோற்ற அன்று லெஃப்ட் கார்னரில் நின்ற பையனை எல்லோர் முன்பும் திட்டினாய். அவன் பிடித்த கணுக்கால் பிடி சரியான பிடி, துணைக்கு யாரும் ஓடிவரவில்லை, அந்த வராதவர்களில் நீயும் ஒருவன். மறுநாள் நீயே போய் அவனிடம் பேசியதைப் பார்த்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த பருவத்தில் உன்னைக் கவரில் நிறுத்தப் போகிறேன். பிடிப்பவன் கஷ்டம் தெரிந்த ரெய்டர் இன்னும் நன்றாக ஆடுவான்.

நஸ்ரின்
ஜூனில் நீ கொடுத்த 'கோ' பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காது, உட்கார்ந்திருக்கும் பிள்ளை எப்படி எழுந்து ஓடும்? இப்போது மைதானத்தின் அந்தப் பக்கம் வரை கேட்கிறது. முதுகைத் தொடுவதும் குரல் கொடுப்பதும் ஒன்றாக வந்துவிட்டது, சபாஷ். இனி கவனிக்க வேண்டியது நீ உட்காரும் விதம். இரண்டு குதிகாலையும் தரையில் பதித்து உட்காருவதால் எழும்போது ஒரு நொடி போகிறது, அதற்குள் ரன்னர் தப்பித்துவிடுகிறாள். பின்காலை விரலில் ஊன்றி உட்காரப் பழகு.

ஹரிஷ்
இதை ஹரிஷின் அப்பா அம்மாவும் படிக்க வேண்டும். பள்ளி திறந்தபோது நம் 200 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்று ஓடுவதற்குள் நின்றுவிடுவான். போன மாதம் மூன்று சுற்றையும் நிற்காமல் ஓடினான், 4 நிமிடம் 10 விநாடி. வகுப்பில் கடைசியாகத்தான் வந்தான், ஆனால் இந்தப் பருவத்தில் இவன் அளவுக்கு முன்னேறியவர்கள் வேறு யாரும் இல்லை. உடம்பை வைத்துக் கேலி செய்த பிள்ளைகளை நான் கூப்பிட்டுப் பேசிவிட்டேன், மறுபடி நடந்தால் உடனே என்னிடம் வரட்டும். எடை குறைய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம்தான் வரும். ஹரிஷ், குண்டு எறிதலில் உனக்கு நல்ல பலம் இருக்கிறது. குண்டைக் கழுத்தோடு ஒட்டி வை, முழங்கை கீழே இறங்கக் கூடாது, கிரிக்கெட் பந்து மாதிரி வீசாமல் தள்ளு. ஜனவரியில் உன்னோடு தனியாக இதற்கு உட்காருகிறேன்.

திவ்யா
ஓட விருப்பம் நிறைய, ஆஸ்துமா இருப்பதால் பயமும் இருக்கிறது. மெதுவாக வார்ம் அப் செய்த நாட்களில் 400 மீட்டர் வரை சிரமமில்லாமல் ஓடுகிறாள், நேரடியாக வேகம் எடுத்த நாட்களில்தான் இளைப்பு வருகிறது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இன்ஹேலர் மாடியில் புத்தகப்பையில் கிடக்கிறது, கிரவுண்டுக்கு வரும்போது அவள் கையோடு இருக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததில் ஒரு நகல் எனக்கும் கொடுங்கள். அவளை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

முகிலன்
நீளம் தாண்டுதலில் 4.05 மீட்டர், நல்ல தாண்டல். ஆனால் மூன்று வாய்ப்பில் இரண்டு ஃபவுல். பலகை வந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறாய், அங்கேயே வேகம் போய்விடுகிறது, காலும் தாண்டிப் போகிறது. ஓட்டம் தொடங்கும் இடத்தை ஓர் அடி பின்னால் நகர்த்தி அடையாளம் வை, பார்வை எதிரே இருக்கட்டும். அப்புறம், முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்பதை என்னிடம் மறைக்காதே. வளரும் வயதில் நிறைய தாண்டுகிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வலி வருவதுண்டு, எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வா. அதுவரை தாண்டுதல் கிடையாது, டீமில் உன் இடம் எங்கும் போகாது.

ஜெனிஃபர்
விளையாட அவ்வளவு ஆசை இல்லை என்று நேராகவே சொன்னாள், சரி. ஆனால் கையுந்துப் பந்தில் ஸ்கோர் எழுத உட்கார வைத்தால் ரொட்டேஷன் தவறை எனக்கு முன்பே கண்டுபிடிக்கிறாள், 24–24 வந்ததும் சண்டைக்கு நின்ற பசங்களுக்கு, இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும் என்ற விதியை எடுத்துச் சொல்லி அடக்கினாள். ஆட்டம் புரிந்த பிள்ளை. அண்டர் ஆர்ம் சர்வ் பத்தில் மூன்றுதான் வலையைத் தாண்டுகிறது, பந்தைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து அடித்தால் ஆறு ஏழு தாண்டும்.

சூர்யா
உடற்கல்வி பாடவேளை உள்ள நாட்களில் பெரும்பாலும் விடுப்பு, வந்தாலும் வகுப்பறையில் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறாய். அதனால் உன் ஆட்டத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, இட்டுக்கட்டி எழுதவும் மாட்டேன். ஒரே ஒரு நாள் ரிலேவில் ஆள் குறைந்தபோது ஓடினாய், பேட்டனைத் திரும்பிப் பார்க்காமல் வாங்கினாய், அது சொல்லிக்கொடுத்தும் பலருக்கு வராதது. விடுமுறை முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை கான்வாஸ் ஷூவோடு வா, 4x100 டீமில் மூன்றாவது ஆளாக உன்னை ஓடவிட்டுப் பார்க்கிறேன்.