நூலக இடமாற்றம்: இடர்ப் பதிவேடு, முதல் வடிவம்

இடமாற்றக் குழுவினர் அனைவருக்கும்,

சென்ற கூட்டத்தில் ஆளுக்கொரு கவலையாகச் சொல்லி, வெள்ளைப் பலகை நிரம்பி, கடைசி இரண்டைக் கதவில் எழுதி ஒட்டினோம். அந்தப் பலகையை அழிப்பதற்கு முன் அப்படியே படியெடுத்துக்கொண்டேன். வரிசை எதுவும் கிடையாது. வாயில் வந்தது வந்தபடி:

> மழை வந்தால்? / லிஃப்ட் ஒன்றுதான் / எல்லாம் கலந்துவிடும் / பழைய கணினி எந்த நேரமும் படுத்துவிடும் / பட்டியலைத் திறந்தால் எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக வருகிறது / ஈரச் சுவர் / முதுகு போய்விடும் / வாசகர்கள் திட்டுவார்கள் / இரவல் போனவை எங்கே திரும்பி வரும்? / பெரிய அலமாரி கதவில் நுழையாது / ஒப்பந்தக்காரர் சொன்ன ஆட்களை அனுப்புவாரா? / பணம் போதாது / தரை தாங்குமா? / தொலைந்தால் யார் தலையில் விழும்? / எண்கள் மாறிவிடும் / மூத்த பட்டியலாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்

மொத்தம் பதினாறு. கீழே உள்ள பதிவேட்டில் பதினொன்றுதான் இருக்கின்றன. யாருடைய கவலையையும் தூக்கி எறியவில்லை. ஆனால் பலகையில் இருந்தவை எல்லாம் ஒரே இனம் அல்ல.

"பெரிய அலமாரி கதவில் நுழையாது" என்பது இடர் அல்ல. நேற்று அளந்தேன்: அலமாரி 105 செ.மீ., கதவு 90 செ.மீ. நடக்குமோ நடக்காதோ என்ற ஐயத்துக்கே இடமில்லை. அதைக் கழற்றி ஏற்றும் வேலை பணிப்பட்டியலுக்குப் போய்விட்டது. "வாசகர்கள் திட்டுவார்கள்" என்பதும் "பணம் போதாது" என்பதும் விளைவுகள். வேறு ஏதோ தவறும்போதுதான் திட்டும் செலவும் வந்து சேரும். அந்த வேறு ஏதோவைப் பிடித்தால் போதும். (கணக்கர் கேட்டபடி, மதிப்பீட்டில் பத்து விழுக்காடு ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதைத் தொட இருவர் கையெழுத்து வேண்டும்.) "எல்லாம் கலந்துவிடும்", "தொலைந்தால் யார் தலையில்" இரண்டும் ஒரே கவலைதான், ஒன்று அடுக்குபவர் சொன்னது, மற்றது கணக்குக் காட்டுபவர் சொன்னது. "எழுத்துகள் கொக்கி", "எண்கள் மாறிவிடும்" இரண்டையும் அதுபோலவே ஒன்றாக்கினேன். இப்படித்தான் பதினாறில் ஐந்து குறைந்தது.

எண்களுக்கு என்ன பொருள்

நிகழ்வாய்ப்பு 1 என்றால் நடந்தால் நாமே நம்பமாட்டோம். 3 என்றால் சம வாய்ப்பு. 5 என்றால் நடக்காவிட்டால்தான் வியப்பு. தாக்கம் 1 என்றால் அரைநாள் வீண். 3 என்றால் திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும், அல்லது ஒருவர் விடுப்பில் போகும் அளவுக்கு அடிபடும். 5 என்றால் மீட்கவே முடியாதது, அதாவது உயிர் அல்லது பட்டியல் தரவு. மதிப்பெண் என்பது இரண்டையும் பெருக்கியது. தற்போது கையில் உள்ள ஏற்பாடுகளோடு, தணிப்பு எதுவும் தொடங்காத நிலையில் இட்ட எண்கள் இவை.

அளவு தெரிந்தால் எண்கள் புரியும். 38,000 நூல்கள், பெட்டிக்கு 25 வீதம் 1,520 பெட்டிகள், பெட்டி ஒன்று சுமார் 15 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 23 டன். ஒன்பது வேலை நாட்களில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 170 பெட்டி இரண்டாம் மாடிக்கு ஏற வேண்டும்.

பதிவேடு

| எண் | இடர் | நிகழ்வாய்ப்பு | தாக்கம் | மதிப்பெண் | பொறுப்பாளர் | தணிப்பு |
|---|---|---|---|---|---|---|
| 1 | புத்தக அடுக்கு அறை வரைபடத்தில் கூட்ட அறையாகக் காட்டப்பட்டிருப்பதால், தரை அடுக்குகளின் சுமையைத் தாங்காமல் போகலாம் | 2 | 5 | 10 | நூலகர் | கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துச் சான்று. அது வரும்வரை ஓர் அடுக்கும் நிறுத்தக் கூடாது |
| 2 | பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது எழுத்துகளும் எண்களும் சிதைந்து, நூலைத் தேடினால் கிடைக்காமல் போகலாம் | 4 | 4 | 16 | கணினிப் பொறுப்பாளர் | 500 பதிவுகளை வைத்து மூன்று ஒத்திகை. தற்செயலாக எடுத்த 100 பதிவுகளை மூலத்தோடு ஒப்பிடுதல் |
| 3 | பழைய கணினி ஏற்றுமதிக்கு முன் செயலிழந்து, பட்டியல் முழுதும் அழிந்துபோகலாம் | 3 | 5 | 15 | கணினிப் பொறுப்பாளர் | இந்த வாரமே மூன்று நகல்கள், இருவகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். ஒன்றிலிருந்து மீட்டுப் பார்த்தல் |
| 4 | பெட்டிகள் வரிசை மாறி வந்து, அடுக்குவதற்குப் பதில் தேடுவதிலேயே நாள் போகலாம் | 3 | 4 | 12 | துணை நூலகர் | பெட்டியின் பக்கவாட்டில் சீட்டு. இரு முனைகளிலும் எண்ணிக்கைப் பதிவு |
| 5 | புதிய அறையின் ஈரச் சுவரால் நூல்களில் பூஞ்சை பிடிக்கலாம் | 3 | 4 | 12 | கட்டடப் பராமரிப்பாளர் | கசிவின் மூலத்தைக் கண்டு அடைத்தல். நான்கு வாரம் ஈரப்பதம் குறித்தல். அந்தச் சுவரோரம் அடுக்கு இல்லை |
| 6 | மூத்த பட்டியலாளர் ஓய்வு பெற்றதும், எங்கும் எழுதப்படாத வகைப்பாட்டு வழக்கங்கள் நமக்குத் தெரியாமல் போகலாம் | 4 | 3 | 12 | பட்டியல் பிரிவு இளநிலைப் பணியாளர் | வாரம் இருமுறை அருகில் அமர்ந்து எழுதிக்கொள்ளுதல். விதிவிலக்குகளின் ஏடு |
| 7 | மூடியிருக்கும் காலத்தில் இரவல் நூல்கள் திரும்பி வந்து, இரு கட்டடங்களுக்கும் நடுவே தேங்கலாம் | 5 | 2 | 10 | இரவல் மேசைப் பொறுப்பாளர் | தவணையை நீட்டித்து முன்னறிவிப்பு. பழைய வாசலில் ஒரே ஒரு திரும்பப் பெறும் பெட்டி |
| 8 | ஒரே லிஃப்ட் பழுதாகி ஏற்றம் நின்றுபோகலாம் | 3 | 3 | 9 | கட்டடப் பராமரிப்பாளர் | முன்கூட்டியே சேவை. ஒன்பது நாளும் அழைத்தால் வரும் பணியாளர். பளுவுக்கு உச்சவரம்பு |
| 9 | ஒப்பந்தக்காரர் சொன்னதைவிடக் குறைவான ஆட்களை அனுப்பலாம் | 3 | 3 | 9 | கணக்கர் | நாள்வாரி ஆள் எண்ணிக்கை ஒப்பந்தத்தில். குறைந்தால் கழிவு |
| 10 | தூக்கும்போது பணியாளருக்கு முதுகில் அடிபடலாம் | 3 | 3 | 9 | துணை நூலகர் | 15 கிலோ வரம்பு, தள்ளுவண்டி, முதல் நாள் அரைமணிப் பயிற்சி |
| 11 | ஏற்றி இறக்கும்போது மழையில் பெட்டிகள் நனையலாம் | 2 | 4 | 8 | துணை நூலகர் | தார்ப்பாய், வாசலில் தற்காலிகக் கூரை. மழை வலுத்தால் வேலையை நிறுத்தும் உரிமை துணை நூலகருக்கு |

சில வரிகளைப் பற்றி

மதிப்பெண் வரிசையில் 16 எடுத்தது முதலில் வரவேண்டும். நான் 10 எடுத்ததை முதலில் வைத்திருக்கிறேன். 7-ஆம் வரிக்கும் 10 தான். ஆனால் வாசலில் புத்தகம் குவிவதும் தரை இறங்குவதும் எப்படி ஒன்றாகும்? பெருக்கல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. ஆகவே தாக்கம் 5 என்று இட்டது எதுவாக இருந்தாலும், நிகழ்வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் பேசப்படும். தரையைப் பொறுத்தவரை, மனிதர்கள் உட்காரும் அறைக்குக் கணக்கிடும் சுமையைப்போல இருமடங்கோ அதற்கு மேலுமோ புத்தக அடுக்கு அறைக்குக் கணக்கிடுவது கட்டுமான வழக்கம். நம் அறை வரைபடத்தில் என்ன பெயரில் இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தின் கடைசியில், காலணி மாட்டிக்கொண்டே "தரை தாங்குமா?" என்று கேட்ட காவலாளிக்கு நன்றி.

2-ஆம் வரியில் ஏன் 4, 4 என்று கேட்டவர்களுக்கு: சோதனையாக 50 பதிவுகளை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை விரிதாளில் இருமுறை சொடுக்கித் திறந்தோம். 005.133 என்ற வகைப்பாட்டு எண் 5.133 ஆகியிருந்தது. 000417 என்ற சேர்ப்பு எண் வெறும் 417. விரிதாள் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்ஜியங்களைத் தின்றுவிட்டது. தமிழ்த் தலைப்புகள் யூடிஎஃப்-8 குறிமுறையில் சரியாகத்தான் இருந்தன. திறந்த விதம்தான் அவற்றைக் கொக்கிகளாக்கியது. இதில் பயங்கரம் என்னவென்றால், அப்படியே சேமித்திருந்தால் தவறு நிலைத்திருக்கும், யாருக்கும் தெரிந்தும் இருக்காது. இனி அந்தக் கோப்பை விரிதாளில் நேரடியாகத் திறப்பது தடை. எல்லா நெடுவரிசைகளையும் உரை என்று குறித்து இறக்குமதி செய்த பிறகே பார்க்க வேண்டும்.

3-ஆம் வரியில் தணிப்பு முடிந்ததும் நிகழ்வாய்ப்பு 3 ஆகவே இருக்கும், ஏனெனில் கணினி அப்போதும் கிழடுதான். தாக்கம்தான் 5-இலிருந்து 2-க்கு இறங்கும். இப்போது இருக்கும் ஒரே நகல் அதே கணினியின் இன்னொரு கோப்புறையில் இருக்கிறது. அதை நகல் என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

4-ஆம் வரியில் சீட்டு இப்படி இருக்கும்: "அலமாரி 14, தட்டு 3, பெட்டி 2/4". மேல் மூடியில் ஒட்டக் கூடாது. பெட்டிமேல் பெட்டி வைத்ததும் மறைந்துவிடும்.

5-ஆம் வரியில், ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் 3 என்பதை 4 ஆக்கி, அந்தப் பகுதிக்கு நூல் ஏற்றுவதை நிறுத்துவோம். சுவருக்கு வண்ணம் பூசி மறைப்பது தணிப்பு ஆகாது.

பொறுப்பாளர் பற்றி

முதலில் எழுதியபோது ஆறு வரிகளில் துணை நூலகர் பெயரும், மூன்றில் "குழு" என்றும் இருந்தது. குழு என்று போட்டால் தொலைபேசியை எடுப்பவர் எவரும் இல்லை. ஆறையும் ஒருவர் மேலே ஏற்றினால் எதையும் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. அதனால் பிரித்தேன். பொறுப்பாளர் என்பவர் எல்லா வேலையையும் தானே செய்பவர் அல்லர். இந்த வரி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். பழி யார் தலையில் விழும் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கான பத்தி இதில் இல்லை.

இடமாற்றத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருபது நிமிடம் உட்காருவோம். தாக்கம் 5 உள்ள வரிகளைத் தவிர, மாறிய எண்களை மட்டும் பேசுவோம். மற்ற மாறாதவற்றைப் படித்துக்காட்ட வேண்டாம். புதிய கவலை தோன்றினால் அதே பலகையில் எழுதுங்கள், "இதனால் இது நடந்து இது கெடும்" என்ற ஒரு வாக்கியமாக.

ஏழு பேரும் தங்கள் வரிகளை ஏற்றதாகக் கையெழுத்திட வேண்டியதில்லை, வாய்மொழியே போதும். கட்டடப் பராமரிப்பாளர் 8-ஆம் வரியை ஏற்றுக்கொண்டார். 5-ஆம் வரிக்கு, கசிவு மேல்மாடிக் குழாயிலிருந்து வருவதாகவும் அது தன் பொறுப்பில் இல்லை என்றும் சொன்னார். நாளை காலை இருவரும் மேல்மாடிக்குப் போய்ப் பார்க்கிறோம். அதுவரை அந்த வரி என் பெயரில் இருக்கட்டும்.

இடமாற்ற ஒருங்கிணைப்பாளர்