முகட்டுச் சனத்துத் தாலாட்டு, பள்ளத்தூர்த் தங்கச்சிக்கு

தங்கச்சி, வாச்மேன் அண்ணன் அசந்து தூங்குறாரு, அவரு போன்ல ஒவ்வொரு எழுத்தா குதிச்சு குதிச்சு டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்க. உங்க வீட்டு வாச்மேன் நம்பருக்குத்தான் வருது, படிச்சதும் அழிச்சிரு. புள்ள பொறந்துருச்சுன்னு புறா சொல்லிருச்சு, ஆயா பாடின தாலாட்டு பாதிதான் ஞாபகம் இருக்குன்னு நீ சொல்லி விட்டதும் வந்துருச்சு. முழுசா எழுதுறேன்.

கானாடுகாத்தான்ல இருக்குற நம்ம சனம் இத ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல உக்காந்துதான் பாடும். கீழ மனுசங்க இருந்தாலும் பாடலாம், புறா முனகுதுன்னு நெனச்சுக்குவாங்க. ஒவ்வொரு கண்ணியிலயும் மொத வார்த்தை வரும்போது தொட்டிலை ஒரு தட்டு தட்டணும், மத்த எடத்துல தட்டக்கூடாது, புள்ளைக்கு மனசுல நிக்கப்போறது அந்த வார்த்தைகதான்.

தூணு மணக்குதம்மா தூரத்துத் தேக்குமணம்
ஐராவதி ஆத்துல அலைமேல மெதந்தமணம்
பாட்டன் ஏறிவந்த பர்மாக் கப்பலுல
ஆடின ஆட்டமெல்லாம் அம்மா மடியிலதான்
வளவுத் தூணெல்லாம் வரிசையா நிக்குதம்மா
வந்தது யாருன்னு வாய்பொத்திக் கேக்குதம்மா
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

தட்டுனா தாளமம்மா தடவுனா மேளமம்மா
வெள்ளச் சட்டபோட்டு வெரல மடக்கிவந்து
ஒண்ணுதட்டிப் பாப்பாரு ஒரு மாமா காதுவச்சு
மஞ்ச நாக்குநாடா மடியிலேர்ந்து எடுப்பாரு
எத்தன அடிநீளம் எழுதிக்கிட்டுப் போவாரு
நல்ல மாமாதான் நாளைக்கும் வருவாரு
கூட நாலுபேரு கும்மாளமா வருவாரு
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

இந்த மாமாவ பயங்காட்டுற குரல்ல பாடிறாத. ஊருக்குள்ள எல்லாரும் அப்படித்தான் கெடுக்குறாங்க, உடனே புள்ள வீல்னு அழுவும், அழுகச் சத்தம் கேட்டா எலி இருக்குன்னு நெனச்சு பலகையத் தெறந்துருவாங்க. சொந்த அம்மான் முட்டாய் கொண்டு வர்ற மாதிரி சிரிச்சுக்கிட்டே பாடு. நாடா எடுக்குற வரிக்கு மட்டும் கொஞ்சம் இழு.

தூங்காம நெலாகூட தொணையா நிக்குதம்மா
ஓட்டு இடுக்குல ஒத்தக்கண்ணு வச்சிருக்கு
ஒரு கண்ண மூடு ஆத்தாமொகம் உள்ளவரும்
ஒரு கண்ணத் தெற தெருவாசல் முன்னவரும்
ரெண்டும் ஒண்ணாமூட ரொம்பநாள் இருக்குதம்மா
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

தண்ணி எறங்குதம்மா தகரத் தூம்புவழி
ஓட்டுல வெளையாண்டு ஓரமா நழுவிவந்து
முத்தத்துக் கல்லுக்கு முத்தம் ஒண்ணுவச்சு
மூலை ஓட்டையில முதுகக் குனிஞ்சுபோகும்
அண்டா நெறஞ்சாலும் அங்கயே நிக்காது
ஆளு வந்தாலும் அசட்டையாப் போகுமம்மா
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

போற போக்குல பொம்ம எடுக்காத
கொட்டான் எடுக்காத கொலுசு போடாத
முன்வாசல் நின்னா பின்வாசல் தெரியுமம்மா
அத்தன நெலையும் ஒரேநேரா நிக்குமம்மா
அழகான வழிதான் ஆனாலும் என்கண்ணே
அழகான வழியில அத்தன கண்ணிருக்கும்
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

எனக்கு இந்தக் கண்ணிதான் ரொம்பப் பிடிக்கும். செட்டியார் வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் நேர்கோட்டுல இருக்கும், நம்மள மாதிரி சாண் ஒசரத்து ஆளு அந்த ஆத்தங்குடிக் கல்லு மேல ஓடுனா நெத்தியில வெளக்கு கட்டிக்கிட்டு ஓடுற மாதிரிதான். ஆனா சின்னப் புள்ளைக நேரா வெளிச்சத்தப் பாத்துத்தான் ஓடும், அதான் அழகு அழகுன்னு சொல்லியே தடுக்குறோம்.

வழியே போறவுககிட்ட வழிகேக்க வேணாமே
ஈரம் எந்தப்பக்கம் எடதுகைய அங்கவையி
முட்டவெள்ளக் கருபூசி முகம்பாக்கும் செவுரிருக்கும்
வழவழன்னு வழுக்கும் வச்சபிடி நிக்காது
செங்கல்லு தொட்டாக்க சிரிச்சுக்கிட்டே எறங்கு
செம்மண்ணு வந்தாக்க சேலக்குள்ள வந்தாப்பல
நத்த போறஎடம் நமக்கும் எடந்தானே
ஊருணிக் கரையில ஒறவெல்லாம் கூடியிருக்கும்
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

இந்தக் கண்ணிய உங்க வீட்டுக்குத் தக்கபடி மாத்திக்க. எங்க வீட்டுல வடிகால் எடது பக்கம், உங்களுக்கு வலதா இருந்தா வலதுகைன்னு பாடு. ஆயா இங்க பாடினத அப்படியே அங்க பாடி புள்ள செவுத்துல முட்டி நின்னா யாருக்கு லாபம்? ஒரு மழ ராத்திரி நீயே எறங்கிப் போயி தண்ணி எங்க சேருதுன்னு பாத்துட்டு வா.

போயிரு நெலாவேன்னு போகவிட்டுக் கைகாட்டு
புளியமரப் பொந்துல புதுத்தொட்டில் ஆடுதம்மா
அம்மான் காத்திருப்பான் அவலும் வெல்லமும்வச்சு
அப்பத்தா காத்திருப்பா அடுத்தபாட்டுச் சொல்லித்தர
ஆத்தா பின்னவருவா அவளத்தேட வேணாமே
பழைய தொட்டில் ஆடுதான்னு பாக்கவேணாம் என்கண்ணே
ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆரிரரோ ஆராரோ

அவ்வளவுதான். ஏழு கண்ணியோட மொத வார்த்தையையும் வரிசையா கோத்து ஒரு தடவ சொல்லிப் பாத்துக்க, நான் அத சேத்து இங்க எழுத மாட்டேன், அடுத்தவங்க போன்ல இருக்கேன். புள்ளைக்கும் வெளக்கம் சொல்லாத, தெனம் ராத்திரி பாடு, நேரம் வந்தா காலு தானா போகும். நம்ம சின்ன வயசுல தெக்கு வீட்டப் பிரிச்சப்ப நம்ம கேட்டோமா, வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டே தூம்புல எறங்குனோம், பாதி வழியில நீ இந்தப் பாட்ட முனகிக்கிட்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது.

கடேசிக் கண்ணிய பாடுறப்ப தொண்ட அடைக்கும், எனக்கும் அடைக்கும், அடைச்சா ஆராரோ மட்டும் திருப்பித் திருப்பி பாடு, தட்டுறத மட்டும் விட்டுறாத.

சில பேரு இப்ப சொல்றாங்க, பங்காளிக நெறைய பேரு, ஒருத்தரு மலேசியா ஒருத்தரு சென்னை, அத்தன கையெழுத்தும் சேராது, வீடு அப்படியேதான் நிக்கும், இந்தப் பாட்டெல்லாம் எதுக்குன்னு. தெக்கு வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க. நெலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா சாத்தி வச்சிருக்குறத நம்ம சனம் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கு, அதுல சிலது இன்னும் நம்ம பேரு கீறின கதவாம்.

அப்புறம் ஒண்ணு கேக்கணும். நேத்து உங்க வளவுக்குள்ள யாரோ செருப்பக் கழட்டாம வந்து நின்னாருன்னு புறா சொல்லுச்சு. அவரு தூணுகிட்ட போனாரா இல்லையா, வெரல மடக்குனாரா, அத மட்டும் விடியறதுக்குள்ள எழுதி அனுப்பு.