வியாழன் மாலை டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கையில்: ரத்தக் கொழுப்பு லேப் ரிப்போர்ட் (மொத்தம் 254, எல்டிஎல் 168, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 240), போன வருட ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டை.

☐ முதல் நாள் ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணி. காலையில் டீ குடித்துவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைடு அதனால் ஏறியிருக்குமா? வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கணுமா? (வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.)

☐ அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு 47. பிரஷரும் இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஆபத்து எவ்வளவு? எல்டிஎல் எந்த அளவுக்கு இறங்க வேண்டும்?

☐ தைராய்டு, சர்க்கரை பார்க்கணுமா? தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறுமாமே.

☐ கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை இப்போதே தொடங்கணுமா, மூன்று மாதம் சாப்பாடு, நடைப்பயிற்சி என்று பார்க்கலாமா?

☐ தொடங்கினால்: எந்த நேரத்தில் போடுவது? பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? தசைவலி வந்தால் நானே நிறுத்தலாமா, உங்களுக்கு போன் பண்ணணுமா? ரிப்போர்ட் நார்மல் ஆனதும் விட்டுவிடலாமா? (பக்கத்து வீட்டு மாமா அப்படித்தான் விட்டார், மறுபடி ஏறிவிட்டது.)

☐ வீட்டில் பாமாயில், தேங்காய்ச் சட்னி தினமும். எதைக் குறைப்பது? முட்டை மஞ்சள் கரு?

☐ ஈசிஜி தேவையா?

☐ அடுத்த டெஸ்ட் எப்போது?

☐ 20 வயது மகனுக்கும் பார்க்கணுமா?

பதில்களை அங்கேயே எழுதி வாங்கு. வெளியே வந்ததும் மறந்துபோகும்.