p² − 1 ஏன் 24-ஆல் வகுபடும்: திருத்தி எழுதிய நிறுவல்

நீங்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "p² − 1 = 4k(k + 1). இது 8-ஆல் வகுபடும். 3-ஆலும் வகுபடும். ஆகவே 24-ஆல் வகுபடும்." ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் k திடீரென்று வந்து நிற்கிறது, 3-ஆல் ஏன் வகுபட வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை. கீழே முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

தேற்றம். p என்பது 3-ஐ விடப் பெரிய பகா எண் எனில், p² − 1 ஆனது 24-ஆல் மீதியின்றி வகுபடும்.

நிறுவல். 3-ஐ விடப் பெரிய ஏதேனும் ஒரு பகா எண்ணை p என்க. ஒரு பகா எண்ணை 1-உம் அதே எண்ணும் தவிர வேறு எந்த மிகை முழு எண்ணும் மீதியின்றி வகுக்காது. p > 3 என்பதால் p ஆனது 2-உம் அல்ல, 3-உம் அல்ல. எனவே p ஆனது 2-ஆலும் வகுபடாது, 3-ஆலும் வகுபடாது.

முதலில் 8. p ஆனது 2-ஆல் வகுபடாததால் அது ஒற்றை எண்; ஆகவே p = 2k + 1 என்று அமையும்படி ஒரு முழு எண் k உண்டு. இதைப் பிரதியிட்டு விரித்தால்,

p² − 1 = (2k + 1)² − 1 = 4k² + 4k = 4k(k + 1).

k, k + 1 இரண்டும் அடுத்தடுத்த முழு எண்கள். அவற்றில் ஒன்று கட்டாயம் இரட்டை எண். எனவே அவற்றின் பெருக்கற்பலனும் இரட்டை எண். அதாவது k(k + 1) = 2m என்று அமையும்படி ஒரு முழு எண் m உண்டு. ஆகவே

p² − 1 = 8m. (1)

அடுத்து 3. p − 1, p, p + 1 ஆகியவை அடுத்தடுத்த மூன்று முழு எண்கள் என்பதால், அவற்றில் ஒன்று 3-ஆல் வகுபடும். அது p அல்ல என்று மேலே கண்டோம். எனவே p − 1 அல்லது p + 1 ஆனது 3-ஆல் வகுபடும். p² − 1 = (p − 1)(p + 1) என்பதால், p² − 1 ஆனது 3-ஆல் வகுபடும். (2)

இப்போது (1), (2) இரண்டையும் சேர்ப்போம். 8m ஆனது 3-ஆல் வகுபடும். 3 ஒரு பகா எண். ஒரு பகா எண் ஒரு பெருக்கற்பலனை வகுத்தால், அதன் காரணிகளில் ஒன்றையாவது வகுக்கும். 8 ஆனது 3-ஆல் வகுபடாது. எனவே m தான் வகுபட வேண்டும். m = 3n என்று அமையும்படி ஒரு முழு எண் n உண்டு. இதை (1)-இல் பிரதியிட, p² − 1 = 24n. தேற்றம் நிறுவப்பட்டது.

கடைசிப் பத்தி எதற்கு, 8 × 3 = 24 தானே என்று கேட்பீர்கள். சரி, 12-ஐப் பாருங்கள்: அது 4-ஆலும் 6-ஆலும் வகுபடும், ஆனால் 4 × 6 = 24-ஆல் வகுபடாது. 8-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால்தான் இங்கே தப்பித்தோம்.

அப்புறம் ஒன்று. காரணங்களை எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: p பகா எண் என்பதை முதல் பத்தியில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறோம். 2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எந்த முழு எண்ணுக்கும் இதே நிறுவல் செல்லும். 25 பகா எண் அல்ல; ஆனாலும் 25² − 1 = 624 = 24 × 26. தேற்றத்தையே அப்படி விரித்து எழுதிவிடலாமா?