எங்க ஊரணிக்கு அஞ்சு லட்சம் கேட்டு வந்திருக்கோம்

அய்யாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம். நான் எங்க ஊர் ஊரணிக் குழுவோட செயலாளர். இங்க என்கூட உக்காந்திருக்கிறது எங்க பொருளாளர் அக்கா, அவங்களுக்குப் பக்கத்துல கணக்கு எழுதுற தம்பி. ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கத்துல இருந்து வர்றோம். 212 வீடு உள்ள ஊர்.

பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் வைக்கிறேன். நீலமூடி போட்டது எங்க ஊர் போர் தண்ணி. சிவப்புமூடி, போன ஜனவரியில ஊரணியில மொண்டு வடிகட்டி வச்சது. ரெண்டையும் பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். போர் தண்ணியில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. லிட்டருக்கு 4,200 மில்லிகிராம் உப்பு. குடிதண்ணிக்கு 500 இருக்கலாம், வேற வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு அரசாங்கத் தர அளவு சொல்லுது. இந்தத் தண்ணியில பருப்பு வேகாது, சோறு மஞ்சளாப் போயிரும், சோப்புப் போட்டா நுரை வராது.

எங்க மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடுன்னு சொல்லியே எல்லாருக்கும் பழகிப்போச்சு. மழை இல்லாம இல்லை. வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்யுது. ஆனா அதுல பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில மொத்தமா வந்துட்டுப் போயிருது. அதைப் பிடிச்சு வைக்கத்தான் முன்னோர் வெள்ளாமைக்குக் கண்மாயும் குடிக்க ஊரணியும் வெட்டி வச்சாங்க. கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்க ஊருக்கும் இருக்கு. நாங்க குழாயோட கடைசியில இருக்கோம். கோடையில எட்டு நாளைக்கு ஒருவாட்டி வரும், அதுவும் ஒரு தெருவுக்கு வந்தா இன்னொரு தெருவுக்கு வராது.

ஊரணி நிறைஞ்சா இப்ப மூன்றரை அடி தண்ணிதான் நிக்குது. அடியில ரெண்டரை அடிக்கு வண்டல். பங்குனி முடியறப்ப சேறு தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் டிராக்டர் டேங்கர்தான். ஒரு குடம் பத்து ரூபாய்.

எவ்வளவு செலவாகுதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவாங்க. அதனால போன வருசம் ஏப்ரல் ஒண்ணுல இருந்து ஜூன் முப்பது வரைக்கும், 40 வீட்டுல நோட்டுப் போட்டு எழுதினோம். இதுதான் அந்த நோட்டு. எழுதப்படிக்கத் தெரியாத வீட்டுல, குடத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னோம். இந்தப் பக்கத்தைப் பாருங்க, கோடு கோடா இருக்கே, இது ஒரு ஆச்சியோட பக்கம். தனியா இருக்காங்க. ஒரு நாளைக்கு ஒரு குடம். மே பதினாலாம் தேதி மட்டும் ரெண்டு கோடு, அன்னைக்குப் பேரன் வந்திருந்தான். 91 நாள்ல அந்த 40 வீடும் தண்ணிக்குக் கொடுத்தது 1,38,470 ரூபாய். வீட்டுக்குச் சராசரி 3,460 ரூபாய்க்கு மேல. அந்த மூணு மாசமும் வயல்ல வேலை இல்லாத மாசம்.

காசு கொடுக்க முடியாதவங்க தள்ளுவண்டியில ஆறு குடம் வச்சு, ரெண்டரை கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊர் ஊரணிக்குப் போறாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கும் தண்ணி பத்தாது. போன வருசம் வைகாசியில வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல கோபம் இல்லை. நாங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். எங்க பொண்ணுங்க காலி வண்டியோட திரும்பி வந்த சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேக்குது. காலிக் குடம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டே வரும்.

இப்ப நீங்க கேக்காததையும் நானே சொல்லிர்றேன். இந்த ஊரணிக்கு ஏற்கெனவே ஒருவாட்டி பணம் வந்துச்சு. 2018-ல, மூணு லட்சம். ஒரு ஒப்பந்தக்காரர்கிட்ட வேலையை விட்டோம். வடமேற்கு மூலையில ஒன்பது அடிக்குத் தோண்டிட்டார். எங்க மண்ணுல மேல களி, அதுக்குக் கீழ மணல். களியைக் கிழிச்சா கீழ இருக்கிற உப்பு ஊத்து மேல வந்துரும். வந்துருச்சு. அடுத்த வருசம் நல்ல மழை பெஞ்சு ஊரணி நிறைஞ்சும் வாயில வைக்க முடியலை. நாங்க 41 பேர் பதினேழு நாள் களிமண் சுமந்து அந்தக் குழியை மூடினோம்.

அது அவர் தப்பு மட்டும் இல்லை. தோண்டுறப்ப எங்கள்ல ஒருத்தர்கூடக் கரையில நிக்கலை. கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தா, ‘தூர் வாரியது 2,40,000’ன்னு ஒரே வரி. எத்தனை மணி நேரம், யார் பார்த்தது, எத்தனை அடி, ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கத்தோட நகலையும் மனுவோட சேர்த்துத்தான் கொடுத்திருக்கோம். அதை மறைச்சிட்டுப் புதுசா இன்னொரு அஞ்சு லட்சம் கேக்க எங்களுக்கு மனசு வரலை. இந்தத் தடவை குழுவுல பாதிக்கு மேல பெண்கள் இருக்கிறதும், பில் இல்லாம ஒரு ரூபாய் போகக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கிறதும் அந்த ஒரு வரியால வந்தது.

இந்தத் தடவை முதல்ல மண்ணைப் பார்த்தோம். ஊரணிக்குள்ள ஆறு இடத்துல கையாலேயே துளை போட்டோம். ஆறரை அடி வரைக்கும் எல்லா இடத்துலயும் களி இருக்கு. அதனால ஆறு அடியோட நிறுத்துறோம். தோண்டுறப்ப நடுவுல அங்கங்க மண் திட்டு வெட்டாம விட்டு வைப்போம். நீங்க அனுப்புற ஆள் அந்தத் திட்டை அளந்தாலே எவ்வளவு எடுத்தோம்னு தெரிஞ்சிரும். அளந்து கையெழுத்துப் போட்டதுக்கப்புறம்தான் திட்டை எடுப்போம்.

மொத்தச் செலவு 6,30,000. வரத்துக்கால் 740 மீட்டர் கருவேல மரம் அடைச்சுக் கிடக்கு, அதைத் திறக்க ஜேசிபி 60 மணி நேரம், 72,000. ஊரணிக்குள்ள 110 மணி நேரம், 1,32,000. ரெண்டும் மணிக்கு 1,200 வாடகை, மூணு பேர்கிட்ட விலை கேட்டதுல குறைஞ்சது இது. வண்டலை விவசாயிங்க தாசில்தார் அனுமதி வாங்கிச் சொந்த டிராக்டர்ல வயலுக்கு எடுத்துக்கிறாங்க, அதனால ஏத்தி இறக்கிற செலவு நமக்கு இல்லை. தண்ணி உள்ள நுழையற வாய்ல வண்டல் தங்குற தொட்டி 58,000. மணல் வடிகட்டியும் கிணறும் கைப்பம்பும் சேர்த்து 2,15,000. ஆடு மாடு இறங்காம 320 மீட்டர் வேலி, 1,34,000. தண்ணிப் பரிசோதனை, தணிக்கை, கணக்குப் பலகை எல்லாம் 19,000.

வடிகட்டிக் கிணறு பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு கிணறு கட்டலாமேன்னு எங்க ஊர்லயே சிலர் சொன்னாங்க. எதுக்கு ரெண்டுன்னு உங்களுக்குப் புரியும். எங்க ஊரணிக்கு முன்னாடி ரெண்டு துறை இருந்துச்சு, தெற்குத் தெருக்காரங்களுக்குத் தனித்துறை. ஒரே கிணறு, ஒரே பம்பு, எல்லாரும் ஒரே வரிசைன்னு கிராம சபையில தீர்மானம் போட்டிருக்கோம். மூணு மணி நேரம் சத்தம் போட்டுத்தான் அது நிறைவேறுச்சு. நகல் மனுவுல இருக்கு. குழுவுல உள்ள 11 பேர்ல நாலு பேர் தெற்குத் தெரு. பொருளாளர் அக்காவும் அந்தத் தெருதான்.

இதுல எங்க பங்கு 1,30,000. வீட்டுக்கு 500 ரூபாய்னு 1,06,000, ஊர்ப் பொதுப்பணம் 24,000. இன்னைக்குப் பாஸ்புக்ல இருக்கிறது 1,09,500. 171 வீடு கொடுத்தாச்சு. 22 வீடு மிளகாய்க் காசு கைக்கு வந்ததும் தர்றோம்னு கையெழுத்துப் போட்டிருக்கு. தனியா இருக்கிற வயசானவங்க, கைம்பெண்கள்னு 19 வீட்டுக்குப் பணம் கேக்கலை, அதுல குறையற 9,500 ரூபாயும் எங்க பொறுப்புதான். ஆனா சும்மா வேண்டாம், வேலைக்காரங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

உங்ககிட்ட கேக்கிறது அஞ்சு லட்சம். மொத்தமாக் கொடுக்காதீங்க. ரெண்டு லட்சம் முதல்ல. வரத்துக்காலும் தூரும் முடிஞ்சு, நீங்க திட்டை அளந்தப்புறம் இன்னொரு ரெண்டு லட்சம். கடைசி ஒரு லட்சம் மழை வந்து, கிணத்துத் தண்ணியைப் பரிசோதிச்சு, அந்தச் சீட்டை நாங்க கொண்டுவந்து கொடுத்தப்புறம். அதுவரைக்கும் வேலிக்காரர் தனக்கு வர வேண்டிய பாக்கிக்குப் பொறுத்துக்குவார், அவர்கிட்ட பேசியாச்சு.

பேங்க்ல எடுக்க மூணு பேர் கையெழுத்து, அதுல ரெண்டு பேர் பெண்கள். ஜேசிபி கிளப்புறப்ப ஒருவாட்டி, நிறுத்துறப்ப ஒருவாட்டி, வண்டியில ஓடுற மணி மீட்டரைப் போட்டோ எடுப்போம். ஆபரேட்டரும் கரையில நிக்கிற ரெண்டு பேரும் நோட்டுல கையெழுத்துப் போடுவாங்க. வரவு செலவு ஊரணிக் கரையில பலகையில எழுதியிருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில பாதிக் கணக்கு, அக்டோபர் 2 கிராம சபையில முழுக் கணக்கு வாசிப்போம். ஜூலையில ஆரம்பிச்சாத்தான் மழைக்கு முன்னாடி முடியும், அதனாலதான் இவ்வளவு அவசரமா வந்திருக்கோம். மிச்சம் வந்தா திருப்பி அனுப்பிருவோம், வேற வேலைக்கு எடுக்க மாட்டோம்.

எது முடியாதுங்கிறதையும் சொல்றேன். வருசம் பூரா தண்ணி இருக்கும்னு சொல்ல மாட்டேன். நாம குடிக்கிறதைவிட வெயில் அதிகமாக் குடிக்குது. ஆறு அடி நிறைஞ்சா ஜூன் முடிய வரும். அதுக்கப்புறம் மழை வரைக்கும் நாங்க குழாயையும் டேங்கரையும் நம்பித்தான் இருக்கணும். மழையே பொய்ச்சுப்போனா வேலியும் கிணறும் இருக்கும், தண்ணி இருக்காது. அந்த வருசத்துக்கும் கணக்கு வாசிப்போம்.

பராமரிப்புக்கு வீட்டுக்கு மாசம் இருபது ரூபாய், மொத்தம் 4,240. மணலை மாத்தவும் குளோரினுக்கும் காவலுக்கும் அது போதும். பிப்ரவரியில இருந்தே வசூல் பண்ண ஆரம்பிச்சிட்டோம். கிணறு கட்டுறதுக்கு முன்னாடியே எதுக்குன்னு கேட்டாங்க. கொடுத்துப் பழகணும்ல, அதுக்குத்தான்.

நோட்டை இங்கயே வச்சிட்டுப் போறேன், நகல் எங்ககிட்ட இருக்கு. அந்த ஆச்சி மட்டும் அவங்க பக்கத்தைத் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பார்த்து முடிச்சதும் கொடுத்துருங்க. ஊருக்கு என்னைக்கு வர்றீங்கன்னு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முதுகுளத்தூர்ல இறங்கிப் போன் பண்ணினாப் போதும், கரையில யாராவது இருப்போம்.