5 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷர் குக்கர் – அவுட்டர் லிட், சாண்ட்விச் அடி, கேஸ் & இண்டக்‌ஷன்

விலை ரூ. 2,450. ஐ.எஸ்.ஐ முத்திரை உண்டு (ஐ.எஸ். 2347). பாடிக்கு 5 வருட வாரண்டி. காஸ்கெட், சேஃப்டி வால்வு, கைப்பிடி இவை வாரண்டியில் சேராது.

யாருக்கு இந்த அளவு?

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது சரியாக இருக்கும். இரண்டு பேர் மட்டும் என்றால் எங்களிடம் உள்ள 3 லிட்டரே போதும்.

5 லிட்டர் என்பது வாய் வரை நிரப்பினால் பிடிக்கும் அளவு. சமைக்கும்போது அவ்வளவு நிரப்பக் கூடாது. அரிசியும் தண்ணீரும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. 200 மில்லி டம்ளரில் 4 டம்ளர் அரிசிக்கு 12 டம்ளர் தண்ணீர் வைத்து நேரடியாகக் குழைவாக வடிக்கலாம். பருப்பு, பொங்கல், கொண்டைக்கடலை எல்லாம் நுரைத்துப் பொங்குவது அல்லது ஊதிப் பெருப்பது. இவற்றுக்குப் பாதிதான் கணக்கு. பாதிக்கு மேல் பருப்பு வைத்தால் நுரை வெயிட் வழியே பீய்ச்சும், வென்ட் குழாயில் பருப்புத்தோல் அடைக்கும். விசில் வராமல் சேஃப்டி வால்வு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுக்குப் பாத்திரத்தில் சாதமும் பருப்பும் ஒன்றாக வைப்பவர்களுக்கு இந்த உயரம் வசதி. கூடவே வரும் இரண்டு பாத்திரங்களில் கீழே பருப்பு, மேலே அரிசி. குக்கரின் அடியில் குறைந்தது ஒன்றரை டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். மேல் பாத்திரம் மூடியின் உட்புறத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் வென்ட் அடைபடும்.

மூடி

இது அவுட்டர் லிட். மூடி வெளியே உட்கார்ந்து, கைப்பிடியோடு திருகிப் பூட்டும். மூடியிலும் பாடியிலும் உள்ள அம்புக்குறி நேராக வரும்போது வைத்து, இரண்டு கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும்வரை திருப்ப வேண்டும். வாய் முழு வட்டமாக இருப்பதால் அடுக்குப் பாத்திரம் இடிக்காமல் இறங்கும், தேய்த்துக் கழுவவும் எளிது.

இன்னர் லிட் குக்கரில் மூடி உள்ளே போய் மேலே இழுத்துப் பூட்டும். உள்ளே பிரஷர் இருக்கும்வரை அந்த அழுத்தமே மூடியைப் பிடித்து வைத்திருக்கும், திறக்க முடியாது. அது நல்ல அமைப்பு. அதில் பழகியவர்கள் மாற வேண்டிய அவசியமில்லை. அவுட்டர் லிட் வாங்குபவர்களுக்கு நாங்கள் வலியுறுத்திச் சொல்வது ஒன்றே: வெயிட்டைத் தூக்கிப் பார்த்து, ஆவி சுத்தமாக நின்ற பிறகுதான் கைப்பிடியைத் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் பலம் போடாதீர்கள், இன்னும் பிரஷர் இருக்கிறது என்று அர்த்தம்.

மூடியின் ஓரத்தில் ஒரு சிறு ஜன்னல் வெட்டு இருக்கும். அது டேமேஜ் இல்லை. வென்ட் அடைத்துக்கொண்டால் காஸ்கெட் அந்த வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விடும்.

காஸ்கெட்

சமைத்து முடித்ததும் கழற்றிக் கழுவி, மூடியின் பள்ளத்தையும் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு காய்ந்த சோற்றுப் பருக்கை போதும், பக்கவாட்டில் ஆவி கசிய. ஈரம் உலர்ந்த பின் மாட்டி, மூடியைத் திருகாமல் கவிழ்த்து வையுங்கள். பூட்டியே வைத்தால் ரப்பர் நசுங்கி வடிவம் இழக்கும். எண்ணெய் தடவ வேண்டாம்.

தொய்ந்தால் சிறிது நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மாட்டிப் பார்க்கலாம், ஆனால் அது அன்றைய சமையலுக்கான ஏற்பாடுதான். விரலால் மடக்கினால் கீறல் தெரிகிறதா, விறைத்துவிட்டதா, விசில் வர வழக்கத்தைவிட நேரமாகிறதா – உடனே மாற்றுங்கள். தினமும் சமைக்கும் வீட்டில் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நூல் சுற்றியோ மாவு அப்பியோ ஓட்டாதீர்கள். இந்த மாடலின் 3 லிட்டருக்கும் 5 லிட்டருக்கும் ஒரே காஸ்கெட்தான், ரூ. 120, தனியாகவும் கிடைக்கும். வேறு கம்பெனி காஸ்கெட் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் போடாதீர்கள்.

எந்த அடுப்பு?

கேஸ், இண்டக்‌ஷன், மின்சார ஹாட் பிளேட் மூன்றிலும் வைக்கலாம். அடியில் இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் உள்ளது; வெளித்தகட்டில் காந்தம் ஒட்டும், அதனால்தான் இண்டக்‌ஷன் ஏற்கிறது. அடியின் அகலம் 18 செ.மீ.

கேஸில் தீ அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. சுவாலை பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடி கருகும், காஸ்கெட்டும் சீக்கிரம் விறைக்கும். இண்டக்‌ஷனில் 1200 வாட்டில் தொடங்கி, முதல் விசில் வந்ததும் 600க்குக் குறையுங்கள். தண்ணீர் இல்லாமல் எந்த அடுப்பிலும் சூடேற்றாதீர்கள்.

விறகடுப்புக்கு இது வேண்டாம். தீயைக் கட்டுப்படுத்த முடியாது, கைப்பிடி தாங்காது.

பெட்டிக்குள்: குக்கர், மூடி, வெயிட், அடுக்குப் பாத்திரம் 2, அடித்தட்டு 1, கூடுதல் காஸ்கெட் 1, தமிழ் விளக்கக் கையேடு. வந்ததும் பாதியளவு தண்ணீர் ஊற்றி இரண்டு விசில் விட்டுப் பாருங்கள். மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் 7 நாளுக்குள் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.